வெள்ளப்பாறையில் எண்பது ஏக்கர்

காசிமாயனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னால் பெருவிரலை நீட்டுவான். ஆனால் பதினோரு வருஷமாக சர்வேக்காரர்களோடு சங்கிலி பிடித்து, மதுரைக்கு மேற்கே அவன் கால் படாத வரப்பு இல்லை. அறுபத்தாறு அடிச் சங்கிலி, அதில் நூறு கண்ணி. சங்கிலிக்குச் சங்கிலி சதுரமாகப் பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். இவ்வளவுதான் அவன் படித்த படிப்பு. அந்தப் படிப்பில் அவன் தவறியதில்லை.

அதனால்தான் ஊரில் அவன் பேச்சுக்கு மரியாதை இருந்தது. நாகமலை அடிவாரத்துப் பட்டியில் நாற்பது குடும்பங்கள், எல்லோரும் அடுத்த ஊர்ப் பண்ணையாரிடம் வாரத்துக்கு உழுதவர்கள். விளைந்ததில் பாதிக்கு மேல் பண்ணைக்குப் போகும். மழை பொய்த்த வருஷம் வைக்கோலும் மிஞ்சாது. வெள்ளப்பாறைக் காட்டைச் சர்க்கார் ஏழைக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறது, குடும்பத்துக்கு ரெண்டு ஏக்கர் என்ற சேதி வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. நம்ப வைத்தவன் காசிமாயன்.

"பங்குனியில சர்வே சாமி கூட நான்தான் போனேன். ஓடைக்கும் மலைக்கும் நடுவுல கிடக்கிற மண்ணு அம்புட்டும் உழுகலாம். தல்லாகுளத்து ஆபீசுல போயி படத்துல கணக்குப் பாத்துட்டு வந்து சொன்னாரு. எம்பது ஏக்கரு. நாப்பது வீட்டுக்கு ரெண்டு ரெண்டு" என்றான்.

அவன் தங்கை சீனியம்மாளைக் கட்டியிருந்த நல்லகாமன்தான் அந்தப் பட்டியில் முன்நின்று பேசுகிறவன். முரடன், ஆனால் யோசித்து அடி வைக்கிறவன். "நெசமாத்தானா மச்சான்? வாரத்த விட்டுட்டு வந்தா பண்ணை மறுபடி சேக்காது. இன்னொருத்தனுக்கு விட்டுரும்" என்று மூன்று தடவை கேட்டான்.

"நெசந்தான் மாப்ள. பேப்பர்ல ஏறிருச்சு" என்று காசிமாயன் மூன்று தடவையும் சொன்னான்.

வைகாசியில் நாற்பது குடும்பமும் வாரத்தை விட்டது. பண்ணையார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மறு வாரமே நிலங்களை வேறு ஆட்களுக்கு விட்டார். ஆனியில் காடு வெட்டும் வேலை தொடங்கியது. உடைமரமும் சப்பாத்திக் கள்ளியும் இலந்தை முள்ளும் மண்டிக் கிடந்த பூமி. ஆணும் பெண்ணும் விடிந்ததிலிருந்து இறங்கினார்கள். முள்ளை வெட்டிக் குவித்து எரித்தார்கள். கல்லைப் பொறுக்கி ஓடைக் கரையில் அடுக்கினார்கள். சீனியம்மாள் அப்போது ஆறு மாதம். குனிய முடியாதபோது உட்கார்ந்து கல் பொறுக்கினாள். காடு அகன்று மண் தெரியத் தெரிய, மலையாண்டி என்ற கிழவர் ஒருநாள் இடுப்பில் கை வைத்து நின்று, "எம்பது ஏக்கரா இது? எனக்கு அம்புட்டாத் தோணலையேப்பா" என்றார். முள் இருந்தபோது பெரிதாகத் தெரிந்தது, வெட்டினால் எந்தக் காடும் சிறுத்துத்தான் போகும் என்று சொல்லிச் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்தான்.

ஆடி பிறந்து நாலாம் நாள் சர்வேயர் ஹாலாஸ்யம் கல் நடுவதற்கு வந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொள்வார். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். காசிமாயனுக்கு அவரிடம் ஒரு பிரியம் உண்டு. மற்ற சர்வேயர்கள் சங்கிலி பிடிப்பவனை மாட்டைப் போல ஓட்டுவார்கள். இவர் நிழலில் உட்காரும்போது அவனையும் நிழலில் உட்காரச் சொல்வார்.

ஒரு வேப்பமரத்தடியில் படத்தை விரித்தார். துணியில் ஒட்டிய பெரிய படம். நாற்பது கட்டங்கள் நீல மையில் போட்டு ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருந்தது. மர ஸ்கேலை வைத்து ஒரு கட்டத்தை அளந்தார்.

"நீளம் ரெண்டு இன்ச். இன்ச்சுக்கு ரெண்டரை சங்கிலி, ஆக அஞ்சு சங்கிலி. அகலம் ஒரு இன்ச்சுல பத்துல எட்டு பாகம், ரெண்டு சங்கிலி. எழுந்திரு காசிமாயா, ஓடைப் பக்கத்துலேந்து ஆரம்பிப்போம்."

காசிமாயன் முன்னால் இழுத்துக்கொண்டு போனான். பின்முனையை விருமாண்டி என்ற பட்டிக்காரன் பிடித்தான். அஞ்சு சங்கிலி, அடையாளத்துக்கு அம்புக் கம்பியைக் குத்து. செங்கோணம் பார்த்துத் திரும்பு. ரெண்டு சங்கிலி, அம்பு குத்து. முதல் கட்டத்துக்கு நாலு மூலையிலும் கல் நட்டாயிற்று. ரெண்டாவதும் ஆயிற்று. மூன்றாவது கட்டத்தின் நீளத்தை இழுத்துக்கொண்டு போகும்போது காசிமாயனின் கால் தானாக நின்றது.

அஞ்சு ரெண்டு பத்து. பத்துச் சதுரம். அப்படியானால் ஒரு ஏக்கர்தான்.

முதலில் அவனுக்கு அதில் தவறு எதுவும் தோன்றவில்லை. ரெண்டு கட்டம் சேர்ந்து ஒரு வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டான். திரும்பி வந்து, "சாமி, மொதக் கட்டமும் ரெண்டாங் கட்டமும் ஒரே வீட்டுக்குத்தானே? ஏக்கரு ஏக்கராப் பிரிச்சு நடுறோமா?" என்று கேட்டான்.

"இல்லையே. கட்டத்துக்கு ஒரு வீடு. ரெண்டு ஏக்கர்."

"அஞ்சு ரெண்டு பத்துல்ல சாமி?"

ஹாலாஸ்யம் கையிலிருந்த படத்தைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், நட்ட கல்லைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். காசிமாயன் சங்கிலியைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"விருமாண்டியைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு" என்றார். அவன் போனதும், "வெளி எல்லையை ஒரு தடவை அளந்துடலாம். ரெண்டு பக்கம் போறும்" என்றார்.

பங்குனியில் அந்தப் பக்கங்களை அளக்க முடியவில்லை. முள் விடவில்லை. ஓடை, மலைச் சரிவு, ரெண்டு வண்டிப்பாதை இந்த நாலும் கிராமப் படத்தில் ஏற்கெனவே இருந்ததால், அவற்றை வைத்தே எல்லையைக் குறித்துக்கொண்டு போயிருந்தார். இப்போது முள் இல்லை. ஓடைக் கரையோரம் இழுத்தார்கள். இருபது சங்கிலி. வண்டிப்பாதையோரம் இழுத்தார்கள். அதுவும் இருபது, ஒரு கண்ணி ரெண்டு கண்ணி முன்பின். இருபதுக்கு இருபது நானூறு சதுரம். நாற்பது ஏக்கர்.

"சாமி, பாதி எங்க போச்சு?" என்றான் காசிமாயன்.

"எங்கேயும் போகலை. இருந்ததே இல்லை. என் தப்பு."

அவர் மெதுவாகச் சொன்னார். கிராமப் படம் மைலுக்குப் பதினாறு இன்ச் கணக்கில் போட்டது. ஒரு இன்ச்சுக்கு அஞ்சு சங்கிலி. அந்தப் படத்தில் ஒரு சதுர இன்ச் என்றால் அஞ்சு அஞ்சு இருபத்தஞ்சு சதுரச் சங்கிலி, ரெண்டரை ஏக்கர். பதினஞ்சு வருஷமாக மனப்பாடம். நாற்பது கட்டம் தெளிவாகப் போட அந்தப் படம் போதாதென்று ரெண்டு மடங்காகப் பெரிதாக்கினார். ஒரு இன்ச்சுக்கு ரெண்டரை சங்கிலி. அதில் கட்டங்களை எண்ணினால் அறுபத்து நாலு சதுர இன்ச். படம் ரெண்டு மடங்கு பெரிது, ஆகவே சதுர இன்ச்சுக்கு நிலம் பாதி, ஒன்றேகால் ஏக்கர் என்று போட்டுப் பெருக்கினார். அறுபத்து நாலு ஒன்றேகால் எண்பது.

"பாதி இல்லை காசிமாயா. கால். நீளத்துலயும் ரெண்டு மடங்கு, அகலத்துலயும் ரெண்டு மடங்கு ஆனா, அதே நிலம் காகிதத்துல நாலு மடங்கு இடம் பிடிச்சுக்கும். ரெண்டரையும் ரெண்டரையும் பெருக்கினா ஆறேகால் சதுரச் சங்கிலி. அறுபத்திரண்டரை சென்ட்டுதான். அறுபத்து நாலு தடவை அது, நாப்பது ஏக்கர்." குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடத்துப் பையன் பண்ற தப்பு. மறுநாளே லிஸ்ட் வேணும்னு மேலே அவசரப்படுத்தினா. திருப்பிப் பார்க்காம குடுத்துட்டேன்."

காசிமாயனுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கண்ணுக்கு முன்னால் கரையில் அடுக்கிய கல் வரிசை நீளமாகக் கிடந்தது.

"பட்டிக்குச் சொல்லணுமே சாமி."

"ரெண்டு நாள் பொறு. நான் தல்லாகுளம் போய்ப் பேசிட்டு வரேன். ஏதாவது வழி இருக்கும்."

அந்த ரெண்டு நாளும் காசிமாயன் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் பெண்சாதி ஜெயக்கொடி கேட்டுப் பார்த்தாள். "வெயிலு" என்றான். நல்லகாமன் திருமங்கலம் பக்கம் போய் ரெண்டு ஏக்கருக்குச் சோளவிதை பேசி முடித்து வந்திருந்தான். கலப்பைக்குப் பாதிப் பங்கு போட ஆளும் பார்த்துவிட்டான். "கல்லு ஏன் ரெண்டு கட்டத்தோட நின்னு போச்சு மச்சான்?" என்று கேட்டான். "படம் சரியில்லையாம், வேற எடுத்தாரப் போயிருக்காரு" என்றான் காசிமாயன். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. சொல்லி முடித்த பிறகு நாக்கு கசந்தது.

மூன்றாம் நாள் ஹாலாஸ்யம் வந்தார். காசிமாயனைத் தனியாக ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மேலே ஒத்துக்க மாட்டேங்கறா. எண்பது ஏக்கர்னு உத்தரவு போயாச்சு. குடும்பத்துக்கு ரெண்டு ஏக்கருக்குக் குறையக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. தப்புன்னு எழுதினா இருபது குடும்பத்துக்குத்தான் கிடைக்கும், இருபது பேரு போகணும். இல்லேன்னா..." கொஞ்சம் நிறுத்தினார். "நட்ட அளவுலயே மிச்சக் கல்லையும் நட்டுட்டு, பட்டாவுல ரெண்டு ஏக்கர்னு எழுதிடுன்னு சொல்றா. யாரு அளக்கப் போறா? நாப்பது குடும்பமும் இருக்கலாம். தீர்வை கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொல்றீங்க சாமி?"

"நீ வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரியாது" என்றார் ஹாலாஸ்யம். சொல்லிவிட்டு அவனைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

காசிமாயன் அன்று மத்தியானம் முழுவதும் ஓடை மணலில் உட்கார்ந்திருந்தான். வாயை மூடினால் ஒரு வீடும் வெளியே போக வேண்டாம். ஆளுக்கு ஒரு ஏக்கர் மானாவாரி வயிற்றுக்குப் போதாதுதான். ஆனால் வாரமும் இல்லாமல் நிலமும் இல்லாமல் நிற்பதற்கு அது மேல். வாயைத் திறந்தால் இருபது வீடு தெருவுக்கு வரும். அவர்களை வாரத்திலிருந்து இழுத்து வந்தது அவன் வாய்தான். மூடிக்கொள்வதே நியாயம் என்று முடிவு கட்டி எழுந்தான். அப்போதுதான் இன்னொன்று நினைவு வந்தது. பட்டா எப்படி என்று வைகாசியில் ஹாலாஸ்யமே பட்டிக்குப் படித்துக் காட்டியிருந்தார்: மூன்று வருஷத்துக்குள் ரெண்டு ஏக்கரும் சாகுபடி ஆகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் பட்டா ரத்து, நிலம் திரும்பச் சர்க்காருக்கு.

மூன்றாம் வருஷம் பார்க்க வருகிறவன் கையில் சங்கிலியோடு வருவான். ஒரு ஏக்கரில் பயிர் இருக்கும். மற்ற ஏக்கர் எங்கே என்று கேட்பான். இருபது வீடு அல்ல, நாற்பதும் போகும். அப்போது பட்டாவில் இருக்கிறது இவர்களுடைய கைநாட்டு.

அவன் ஹாலாஸ்யத்திடம் திரும்பிப் போய் இதைச் சொன்னான். "அது எனக்குத் தோணாம இல்லை காசிமாயா. மூணு வருஷத்துல நான் எங்கேயோ இருப்பேன்னு நெனைச்சேன்" என்றார் ஹாலாஸ்யம்.

"நான் இங்கதான் இருப்பேன் சாமி."

சாயங்காலம் பட்டி மந்தைத் திடலில் எல்லோரையும் கூப்பிட்டான். ஆள் கூடியதும் நேராகச் சொல்லிவிட்டான். நாற்பது ஏக்கர்தான். எண்பது என்றது தப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பண்ணையார் காசு கொடுத்துப் பாதியைப் பிடுங்கிவிட்டான் என்றார்கள். மலையாண்டி மட்டும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"படத்துல எம்பதுன்னு இருந்துச்சா இல்லையா?" என்று நல்லகாமன் முன்னால் வந்தான். "படம் பொய் சொல்லுமா? ரெண்டு மடங்கு பெரிசா வரைஞ்சா பாதிதானே ஆகும்? அவரு போட்ட கணக்கு சரியாத்தானே இருக்கு?"

காசிமாயன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். தரையில் முழுசாக விரித்தான். "இது பெரிய படம்னு வையி மாப்ள. சின்னப் படம் நீளத்துல பாதி." நீளத்தில் ஒரு மடிப்பு மடித்தான். "அகலத்துலயும் பாதி." அகலத்தில் ஒரு மடிப்பு மடித்தான். "எத்தன மடிப்பு இருக்கு, எண்ணு."

நல்லகாமன் குனிந்து துண்டின் ஓரத்தை விரலால் பிரித்தான். நாலு.

"சின்னப் படத்துல இந்த ஒரு மடிப்புக்குள்ள இருக்கிற நெலம், பெரிய படத்துல துண்டு பூராவும் பரவிக் கெடக்கு. நெலம் கூடல, துணிதான் கூடுச்சு. பெரிய படத்துல ஒரு சதுரத்துக்கு நாலுல ஒண்ணுதான் எடுக்கணும். சாமி ரெண்டுல ஒண்ணு எடுத்துட்டாரு. அதான் ரெட்டிப்பாயிருச்சு. நம்பலைன்னா காலையில சங்கிலி தாரேன், நீயே இழு."

நல்லகாமன் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். புரிந்துவிட்டது அவனுக்கு. புரிந்ததும் கை ஓங்கி மச்சானின் கன்னத்தில் அறைந்தான்.

"மூணு தடவ கேட்டேனேடா உன்னைய" என்றான்.

ஜெயக்கொடி ஓடி வந்து குறுக்கே விழுந்தாள். காசிமாயன் அவளை விலக்கினான். அவன் திருப்பி அடிக்கவில்லை. சீனியம்மாள் கூட்டத்துக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்ப்பதுதான் அறையைவிட வலித்தது.

மறுநாள் காலையில் ஹாலாஸ்யமே மந்தைக்கு வந்தார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. "கணக்கு போட்டது நான். தப்பு என்னுது. காசிமாயன் அளந்து கண்டுபிடிச்சான்" என்று சொன்னார். சிலர் ஏசினார்கள், நின்று கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒச்சாயி என்ற கைம்பெண், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆணுக்குச் சமமாகக் காடு வெட்டியவள், முன்னால் வந்து பேசினாள்.

"ஏக்கரு கணக்கு எங்களுக்கு எதுக்கு சாமி? வெட்டுனது நாப்பது வீடு. இருக்கிறத நாப்பதா வச்சுக் குடுங்க. ஆளுக்கு ஒண்ணு. பட்டாவுல ஒண்ணுன்னே எழுதுங்க. ஒருத்தரும் போக வேணாம்."

அதுவே எல்லோருக்கும் சம்மதமாயிற்று. ஹாலாஸ்யம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தன் பிழை என்ன, அது எப்படி வந்தது, நிலத்தில் அளந்தபோது என்ன வந்தது, குடிகள் என்ன கேட்கிறார்கள் எல்லாம். எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். நாற்பது பெருவிரல் அதில் பதிந்தது. இது போனால் தனக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காசிமாயன் விளாங்குடி வரை அவரோடு நடந்து போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

ஆவணி பாதியில் உத்தரவு வந்தது. ரெண்டு ஏக்கருக்குக் குறைந்து கொடுக்க விதியில் இடமில்லை. இருபது குடும்பங்களுக்கு மட்டும், சீட்டுப் போட்டு. மற்ற இருபது பேர் பெயரும் பட்டியலில் இருக்கும், வேறு நிலம் வரும்போது பார்க்கப்படும். ஹாலாஸ்யம் வரவில்லை. ராமநாதபுரம் பக்கம் சம்பளம் குறைத்து மாற்றிவிட்டார்கள் என்று புதிதாக வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சொன்னார்.

ஒரு செப்புப் பானையில் நாற்பது காகிதச் சுருளைப் போட்டுக் குலுக்கினார் இன்ஸ்பெக்டர். இருபதில் முத்திரை இருந்தது, இருபது வெறுங்காகிதம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். ஒச்சாயிக்கு முத்திரை விழுந்தது. அவள் அழுதாள், சந்தோஷத்தில் இல்லை. மலையாண்டிக்கு வெறுங்காகிதம். நல்லகாமனுக்கும் வெறுங்காகிதம். அவன் அதைப் பிரித்துப் பார்த்து, மறுபடி சுருட்டி, பானைக்குள்ளேயே போட்டுவிட்டு நகர்ந்தான்.

காசிமாயனுக்கு முத்திரை விழுந்தது.

கூட்டத்தில் யாரோ, "சங்கிலி பிடிச்ச கைக்குச் சீட்டும் தெரியும் போல" என்றார்கள். யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் போய், "இத என் மாப்ளைக்கு எழுதிருங்கய்யா" என்றான்.

"மாத்த முடியாது. உனக்கு வேண்டாம்னா சர்க்காருக்குத் திரும்பும், அவனுக்குப் போகாது."

காசிமாயன் நல்லகாமனைத் தேடிப் போனான். அவன் வீட்டு வாசலில் உலக்கையும் குதிரும் வெளியே இருந்தன. "மாப்ள, பேப்பரு என் பேருல கெடக்கட்டும். ரெண்டுல ஒண்ண நீ உழு. யாரு கேக்கப் போறா?"

"இனி ஒம் பேப்பரு வேணாம் மச்சான். ஒம் பேச்சும் வேணாம்" என்றான் நல்லகாமன். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவன் சொல்வது போலச் சொன்னான்.

சீனியம்மாள் மட்டும் உள்ளேயிருந்து வந்து, "நீ போ அண்ணே. இப்பப் பேசாத" என்றாள்.

மூன்றாம் நாள் அவர்கள் போனார்கள். கோச்சடையில் ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்காலில் கூலிவேலை கிடைத்திருந்தது. அடுத்த பத்து நாளில் பதினாறு குடும்பங்கள் கிளம்பிவிட்டன. சிலர் மதுரை ஆலைக்கு, சிலர் கம்பம் பள்ளத்தாக்குக்கு. மலையாண்டி எங்கும் போக மறுத்தார். ஒச்சாயி வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொண்டு அவளுக்குக் காவல் பார்த்தார்.

வெள்ளப்பாறையில் புது சர்வேயர் வந்து இருபது கட்டமாகக் கல் நட்டார். சங்கிலி பிடிக்கக் காசிமாயனைத்தான் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றான். பிறகு போனான். அளவு தப்பினால் இன்னொரு தடவை இந்த மண் தாங்காது என்று ஜெயக்கொடியிடம் சொன்னான். ஒவ்வொரு கட்டத்தையும் பிடித்து முடித்ததும் தன் கணக்கில் ஒரு தடவை பெருக்கிப் பார்த்துக்கொண்டான். அஞ்சு நாலு இருபது. ரெண்டு ஏக்கர். இருபது கட்டத்திலும் அதுவே வந்தது. பக்கத்துக் கட்டக்காரர்கள் அவனோடு பேசுவார்கள், ஆனால் அவன் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். சீட்டில் அவன் கை இருந்தது என்று பாதிப் பேர் நம்பினார்கள். மறுக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. சோளம் ஆள் உயரம் நின்றது. தையில் கதிர் அறுத்து அடித்ததும் காசிமாயன் பாதியை அளந்து மூட்டை கட்டினான். வண்டி இரவல் வாங்கிக் கோச்சடைக்கு ஓட்டிப் போனான். கொடிக்காலை ஒட்டிய ஓலைக் குடிசை. சீனியம்மாள் வாசலில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளை. பிறந்த சேதிகூட அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"மாப்ள எங்கம்மா?"

"தண்ணி பாய்ச்சப் போயிருக்காக."

அவன் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே வைத்தான். ஆறு மூட்டை. கடைசி மூட்டையை இறக்கும்போது நல்லகாமன் மண்வெட்டியோடு வந்துவிட்டான். மூட்டைகளைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். காலில் சேறு காய்ந்திருந்தது. முன்னைவிட மெலிந்திருந்தான்.

"இது என்ன?"

"ரெண்டு ஏக்கருல விளைஞ்சதுல ஒரு ஏக்கரோடது."

நல்லகாமன் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினான். எடுத்துக்கொண்டு போ என்று சொல்லப்போகிறான் என்று காசிமாயன் காத்திருந்தான். அவன் சொல்லவில்லை. எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. குடத்தில் இருந்து தண்ணீர் மொண்டு கால் கழுவினான். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். போகும்போது, "வண்டி மாட்டுக்கு வைக்கோல் போடு சீனி, மாடு பசியா நிக்குது" என்றான்.

அவள் வைக்கோல் கொண்டுவந்து போட்டாள். காசிமாயன் மாடு தின்று முடிக்கும்வரை வாசலில் நின்றான். "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.